படிக்கட்டுக்கும் வளைகோட்டுக்கும் நடுவே சிக்கிய எண்

1 + 1/2 + 1/3 + … + 1/n என்ற கூட்டுத்தொகையை Hₙ என்று குறிப்போம். ஹார்மோனிக் தொடர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உறுப்புகள் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகின்றன, ஆனாலும் கூட்டுத்தொகை எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் அதைத் தாண்டிவிடும். ஆனால் அந்த வளர்ச்சி மகா மந்தம். பத்து உறுப்புகளைக் கூட்டினால் 2.92897, நூறு கூட்டினால் 5.18738, ஆயிரம் கூட்டினால் 7.48547. உறுப்புகளைப் பத்து மடங்காக்கும்போதெல்லாம் தொகை ஏறக்குறைய 2.3 கூடுகிறது. பெருக்கினால் கூடும் என்றதுமே மடக்கையின் ஞாபகம் வரவேண்டும். 10-இன் இயல் மடக்கை 2.302585. ஆக Hₙ ஏறக்குறைய ln n மாதிரியே நடந்துகொள்கிறது.

"ஏறக்குறைய" என்பதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. இரண்டையும் கழித்துப் பாருங்கள். n = 10 என்றால் Hₙ − ln n = 0.62638. n = 100 என்றால் 0.58221. n = 1000 என்றால் 0.57772. இரண்டுமே முடிவிலிக்கு ஓடுகின்றன, ஆனால் அவற்றுக்கு இடையிலான தூரம் ஓர் எண்ணில் போய் உட்கார்ந்துவிடுவதுபோல் தெரிகிறது. நிஜமாகவே உட்காருகிறதா, அல்லது Hₙ மாதிரியே மெதுவாக எங்கோ நழுவிக்கொண்டிருக்கிறதா? அட்டவணையை எவ்வளவு நீட்டினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. Hₙ-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: பத்து லட்சமாவது உறுப்புக்குப் பக்கத்தில் அது ஓர் அடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நகர்கிறது. பார்ப்பவருக்கு நின்றுவிட்டது என்றே தோன்றும். நிற்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறான நிரூபணத்தைச் சொல்லிவிடுகிறேன். aₙ = Hₙ − ln n என்று வைத்துக்கொண்டு, "அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, ஆகவே aₙ ஒருங்குகிறது" என்று எழுதுவார்கள். Hₙ-க்கும் அடுத்தடுத்த வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குத்தான் போகிறது, அது ஒருங்கவில்லையே. சரி, "வித்தியாசமும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, தொடர்வரிசையும் ஒரு வரம்புக்குள் இருக்கிறது" என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தால்? அதுவும் போதாது. sin(ln n) என்ற தொடர்வரிசை எப்போதும் −1-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கும். அதன் அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் 1/n-ஐ விடக் குறைவு. இருந்தும் அது எங்கும் நிற்காது. மேலும் கீழுமாக, ஒவ்வொரு முறையும் முன்னைவிட நிதானமாக, ஆடிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது வேகம் குறைகிறது என்ற தகவல் அல்ல. எந்தத் திசையில் போகிறது, அந்தத் திசையில் எதைத் தாண்ட முடியாது என்ற இரண்டு தகவல்கள்தான் வேண்டும்.

அந்த இரண்டையும் தருவது ஒரே ஒரு சமனின்மை. y = 1/x என்ற வளைகோட்டை வரைந்துகொள்ளுங்கள். k முதல் k+1 வரை, ஓர் அலகு அகலமுள்ள பட்டையை மட்டும் பாருங்கள். அந்தப் பட்டையில் வளைகோடு இறங்கிக்கொண்டே போகிறது. இடது ஓரத்தில் அதன் உயரம் 1/k, வலது ஓரத்தில் 1/(k+1). ஆகவே வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, உயரமான செவ்வகத்தின் பரப்பைவிடக் குறைவு, குட்டைச் செவ்வகத்தின் பரப்பைவிட அதிகம். அகலம் 1 என்பதால் செவ்வகத்தின் பரப்பும் உயரமும் ஒன்றே. வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்போ, மடக்கையின் வரையறைப்படி, ln(k+1) − ln k. ஆக:

1/(k+1) < ln(k+1) − ln k < 1/k

அவ்வளவுதான் கருவி. தொகையீடு பிடிக்காதவர்களுக்கு இதே சமனின்மைக்கு வேறு வழியும் உண்டு. (1 + 1/k)ᵏ என்பது எப்போதும் e-ஐ விடச் சிறியது, (1 + 1/k)ᵏ⁺¹ எப்போதும் e-ஐ விடப் பெரியது. இரண்டுக்கும் மடக்கை எடுத்தால் மேலே உள்ள வரியே வந்து நிற்கும். நான் படத்தையே விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க வேண்டியிருக்கிறது.

இப்போது aₙ எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம்.

aₙ₊₁ − aₙ = 1/(n+1) − [ln(n+1) − ln n]

அடைப்புக்குள் இருப்பது 1/(n+1)-ஐ விடப் பெரியது என்று சமனின்மையின் இடப்பக்கம் சொல்கிறது. ஆக இந்த வித்தியாசம் எப்போதும் குறை எண். aₙ ஒவ்வோர் அடியிலும் இறங்குகிறது, ஒருமுறைகூட ஏறுவதில்லை. sin(ln n) செய்த விஷமத்தை இது செய்ய வழியே இல்லை.

இறங்குகிறது, சரி. எதுவரை? இங்கே பாடநூல்கள் பல "aₙ > 0" என்று காட்டிவிட்டு, இறங்கிக்கொண்டே போகும், கீழ்வரம்பு உள்ள தொடர்வரிசை ஒருங்கியே தீரும் என்ற தேற்றத்தைச் சொல்லி முடித்துவிடும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த வழியில் மிஞ்சுவது "ஏதோ ஓர் எல்லை இருக்கிறது, அது குறை எண் இல்லை" என்ற செய்தி மட்டும்தான். எல்லை பூஜ்ஜியமாகக்கூட இருக்கலாமே என்று கேட்டால் அந்த நிரூபணம் வாயைத் திறக்காது. அதனால் நான் கூடவே இன்னொரு தொடர்வரிசையை ஓடவிடுவேன்:

bₙ = Hₙ − ln(n+1)

aₙ-க்கும் இதற்கும் ஒரே வேற்றுமை, மடக்கைக்குள் n-க்குப் பதில் n+1. இதன் அடுத்தடுத்த வித்தியாசம்:

bₙ₊₁ − bₙ = 1/(n+1) − [ln(n+2) − ln(n+1)]

இந்தத் தடவை சமனின்மையின் வலப்பக்கத்தை, k = n+1 என்று போட்டு, எடுத்துக்கொள்ள வேண்டும். அடைப்புக்குள் இருப்பது 1/(n+1)-ஐ விடச் சிறியது. ஆக bₙ ஒவ்வோர் அடியிலும் ஏறுகிறது. ln(n+1) பெரியது என்பதால் bₙ எப்போதும் aₙ-க்குக் கீழேதான். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு?

aₙ − bₙ = ln(n+1) − ln n < 1/n

மேலிருந்து ஒன்று இறங்குகிறது, கீழிருந்து ஒன்று ஏறுகிறது, ஒன்றையொன்று தாண்டுவதில்லை, நடுவிலுள்ள இடைவெளி 1/n-ஐ விடக் குறைவு. bₙ ஏறிக்கொண்டே இருந்தாலும் a₁ = 1-ஐத் தாண்ட முடியாது. aₙ இறங்கிக்கொண்டே இருந்தாலும் b₁ = 1 − ln 2 = 0.3069-க்குக் கீழே போக முடியாது. ஆகவே இரண்டுக்கும் எல்லை உண்டு. இடைவெளி பூஜ்ஜியத்துக்குப் போவதால் இரண்டு எல்லைகளும் ஒன்றே. அந்த எண்ணுக்குத்தான் γ என்று பெயர். நிரூபணம் முடிந்தது. கூடவே ஓர் உபரி லாபம்: bₙ > 0 என்பதால் Hₙ > ln(n+1). ஹார்மோனிக் தொடர் விரிகிறது என்பதும் இதில் அடங்கிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். எந்த n-ஐ எடுத்தாலும் γ என்பது bₙ-க்கும் aₙ-க்கும் நடுவில் இருக்கிறது. இது தோராயம் இல்லை, உத்தரவாதம். n = 10 என்றால் γ இருக்கும் இடம் 0.53107-க்கும் 0.62639-க்கும் நடுவே. n = 100 என்றால் 0.57225-க்கும் 0.58221-க்கும் நடுவே. நூறு பின்னங்களைக் கூட்டிய பிறகும் இரண்டாவது தசம இலக்கம் 7-ஆ 8-ஆ என்றுகூடச் சொல்ல முடியவில்லை. உத்தரவாதம் நல்லதுதான், ஆனால் கருமித்தனமான உத்தரவாதம். இதைக் கொஞ்சம் இறுக்க முடியுமா?

படத்துக்கே திரும்புவோம். bₙ என்பது உண்மையில் என்ன? உயரமான செவ்வகங்களை வரிசையாக நிறுத்தினால் அது ஒரு படிக்கட்டு. அதன் மொத்தப் பரப்பு Hₙ. அதற்குள் 1 முதல் n+1 வரை வளைகோட்டுக்குக் கீழே இருப்பது ln(n+1). கழித்தால் மிஞ்சுவது, ஒவ்வொரு படியிலும் வளைகோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் முக்கோணம் போன்ற துண்டுகள். இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றையும் அப்படியே இடப்பக்கமாக நகர்த்தி, 0 முதல் 1 வரை உள்ள பட்டைக்குள் அடுக்கிப் பாருங்கள். k-ஆவது துண்டு 1/(k+1) என்ற உயரத்துக்கும் 1/k என்ற உயரத்துக்கும் நடுவில் கிடக்கிறது. ஆகவே எந்த இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எல்லாமே 1 × 1 சதுரத்துக்குள் அடங்கிவிடும். γ என்பது அந்தச் சதுரத்தில் இந்தத் துண்டுகள் அடைத்துக்கொள்ளும் பரப்பு. ஒருங்குகிறது என்பதற்கு இதுவே ஒரு முழு நிரூபணம். γ < 1 என்பதும் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது.

அப்புறம், அந்தத் துண்டுகள் முக்கோணம் "போன்றவை" என்றேன். முக்கோணத்தைவிடப் பெரியவையா சிறியவையா? 1/x வளைகோடு உள்பக்கமாகத் தொய்ந்து இறங்குகிறது. அதன்மேல் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அந்த நாண் வளைகோட்டுக்கு மேலேதான் கிடக்கும். ஆக ஒவ்வொரு துண்டும், நாணுக்கு மேலுள்ள முக்கோணத்தை முழுசாகத் தனக்குள் வைத்துக்கொண்டு, நாணுக்கும் வளைகோட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய சீவலையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது தன் செவ்வகத்தில் பாதிக்கு மேல். எல்லாவற்றையும் கூட்டினால் சதுரத்தில் பாதிக்கு மேல். ஆகவே γ > 1/2. ஒரு கணக்கும் போடாமல் γ-வை 0.5-க்கும் 1-க்கும் நடுவில் அடைத்துவிட்டோம்.

இந்த நாண் யோசனையைத்தான் இப்போது வாலுக்குப் பயன்படுத்தப் போகிறோம். aₙ இன்னும் எவ்வளவு இறங்க வேண்டியிருக்கிறது? இனி வரப்போகும் இறக்கங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் aₙ − γ. k-ஆவது அடியில் இறக்கம்

dₖ = ln(k+1) − ln k − 1/(k+1)

நாண் வளைகோட்டுக்கு மேலே இருப்பதால், பட்டையில் வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, நாணுக்குக் கீழுள்ள சரிவகத்தின் பரப்பைவிடக் குறைவு. அந்தச் சரிவகத்தின் பரப்பு 1/k, 1/(k+1) இரண்டின் சராசரி. ஆகவே

dₖ < ½[1/k − 1/(k+1)]

k = n-இலிருந்து முடிவில்லாமல் இதைக் கூட்டினால் நடுவிலுள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது 1/(2n) மட்டும். இது மேல்வரம்பு.

கீழ்வரம்புக்கு நாணை விட்டுவிட்டுத் தொடுகோட்டைப் பிடிக்க வேண்டும். பட்டையின் நடுப்புள்ளியான k + ½-இல் ஒரு தொடுகோடு வரைந்தால் அது வளைகோட்டுக்குக் கீழே கிடக்கும். தொடுகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, நடுப்புள்ளியின் உயரமேதான்: 1/(k+½). எனவே

dₖ > 1/(k+½) − 1/(k+1) = ½ · 1/[(k+½)(k+1)]

பகுதியிலுள்ள (k+½)(k+1)-க்குப் பதிலாக அதைவிடப் பெரியதான (k+1)(k+2)-ஐப் போட்டால் வலப்பக்கம் இன்னும் சிறியதாகும், சமனின்மை கெடாது. கொஞ்சம் தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறோம், ஆனால் அதற்குக் கைமேல் பலன் உண்டு: 1/[(k+1)(k+2)] என்பது 1/(k+1) − 1/(k+2). மறுபடியும் எல்லாம் அடித்துக்கொண்டு போக, 1/(2(n+1)) மிஞ்சுகிறது. சேர்த்து எழுதினால்:

1/(2(n+1)) < aₙ − γ < 1/(2n)

முந்தைய சமனின்மையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு γ இருக்கும் இடைவெளியின் அகலம் ஏறக்குறைய 1/n. இப்போது 1/(2n) − 1/(2(n+1)), அதாவது 1/(2n(n+1)). n = 100-க்கு மறுபடி கணக்கிட்டால்:

a₁₀₀ = 5.1873775 − 4.6051702 = 0.5822073
0.5822073 − 1/200 = 0.5772073
0.5822073 − 1/202 = 0.5772568

முதல் இரண்டு இலக்கம்கூடத் தராத அதே நூறு பின்னங்கள் இப்போது 0.5772 என்று நான்கு இலக்கங்களை உறுதியாகத் தருகின்றன. கூடுதலாக ஒரு பின்னத்தைக்கூடக் கூட்டவில்லை. கூட்டல் அதே கூட்டல், வரம்புதான் மாறியது. ஆயிரம் வரை கூட்டினால் a₁₀₀₀ = 0.57771558, அதிலிருந்து γ என்பது 0.5772155-க்கும் 0.5772161-க்கும் நடுவில் என்று வருகிறது.

இதே யோசனையை மேலும் மேலும் தள்ளிக்கொண்டு போகும் கருவிதான் ஆய்லர்–மக்லாரின் வாய்பாடு. அதன் அடுத்த படி சொல்வது: aₙ − 1/(2n)-உடன் 1/(12n²)-ஐக் கூட்டிக்கொள். n = 100-க்கு 1/120000 = 0.0000083333. அதைச் சேர்த்தால் 0.5772156649 வருகிறது. γ-வின் உண்மையான மதிப்பு 0.5772156649… பத்து இலக்கமும் சரி. இதன் நிரூபணத்துக்கு இங்கே போகவில்லை. நாண், தொடுகோடு ஆகிய நேர்கோடுகளுக்குப் பதில் வளைந்தவற்றை வைத்து வளைகோட்டை இன்னும் நெருக்கமாக அணைப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆய்லர் 1734-இல் இந்த எண்ணைப் பற்றி எழுதியபோதே முதல் ஐந்து இலக்கங்களைச் சரியாகக் கண்டுவிட்டார். மாஸ்கெரோனி 1790-இல் 32 இலக்கங்களை வெளியிட்டார். அவற்றில் முதல் 19-தான் சரி என்பது 1809-இல் சோல்ட்னர் வேறு வழியில் கணக்கிட்டபோது தெரியவந்தது. ஆனாலும் எண்ணுக்கு ஆய்லர்–மாஸ்கெரோனி மாறிலி என்று பெயர் நிலைத்துவிட்டது. அது விகிதமுறு எண்ணா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. π, e இரண்டுக்கும் எப்போதோ முடிந்துபோன கேள்வி இது.

வரம்புகளை இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "கணினியிடம் விட்டால் கோடிக்கணக்கில் கூட்டித் தந்துவிடும், நாண் எதற்கு, தொடுகோடு எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. கீழே உள்ள சின்ன நிரலை அவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும்:

```python
import numpy as np
h = np.float32(0)
for k in range(1, 2**21 + 1):
    h = h + np.float32(1) / np.float32(k)
print(h, h - np.log(2.0**21))
```

இது 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் 2²¹ வரை, அதாவது 2097152 உறுப்புகளைக் கூட்டுகிறது. தொகை சுமார் 15.4037 என்று வரும். ln(2²¹) = 14.5561. கழித்தால் 0.8476. இதைப் பார்த்துவிட்டு மாறிலி 0.85-க்குப் பக்கத்தில் என்று யாராவது சொன்னால்? aₙ இறங்கிக்கொண்டே போகும் என்று நிரூபித்திருக்கிறோம். a₁₀₀ = 0.5822. இருபது லட்சத்தைத் தாண்டிய n-க்கு அதைவிடப் பெரிய விடை வர வாய்ப்பே இல்லை. ஆக கணினி சொன்னது தப்பு, அதைக் கண்டுபிடிக்க வேறு எந்தச் சாட்சியும் தேவையில்லை. இன்னும் கூத்து என்னவென்றால், அதற்கு மேல் எத்தனை கோடி உறுப்புகளைச் சேர்த்தாலும் இந்தத் தொகை அசையாது. 8-க்கும் 16-க்கும் நடுவே 32 பிட் எண்களின் இடைவெளி 2⁻²⁰. சேர்க்க வேண்டிய உறுப்பு அந்த இடைவெளியில் பாதியாகச் சுருங்கியதும், கூட்டல் பழைய எண்ணையே திருப்பித் தரத் தொடங்கிவிடுகிறது. கணினியை மட்டும் நம்புபவருக்கு ஹார்மோனிக் தொடர் 15.4037-இல் ஒருங்குகிறது! 64 பிட்டில் இந்த விபத்து இவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஆனால் Hₙ − ln n-ஐ நேரடியாகக் கணக்கிட்டுப் பத்து இலக்கம் பெற வேண்டுமென்றால் பிழை 1/(2n) என்பதால் பல நூறு கோடி உறுப்புகள் வேண்டும். ஆய்லர்–மக்லாரின் வழியில் நூறே போதுமாக இருந்ததை இப்போதுதான் பார்த்தோம்.

சில்லறைக் கேள்வி ஒன்று: ஏன் இயல் மடக்கையே வேண்டும்? c · ln n என்று வேறோர் எண்ணால் பெருக்கிக் கழித்தால், மிஞ்சுவது aₙ + (1 − c) ln n. c = 1 இல்லையென்றால் அது முடிவிலிக்கு ஓடிவிடும். ஆனால் மடக்கைக்குள் n-ஐக் கொஞ்சம் நகர்த்தினால் ஒன்றும் கெடாது, எல்லை மாறாது. பாதி நகர்த்தினால் லாபம்கூட உண்டு: H₁₀ − ln 10.5 = 0.57759. பத்தே பின்னங்களில் மூன்று இலக்கங்கள் சரி. aₙ மேலேயும் bₙ கீழேயும் ஏறக்குறைய சம தூரத்தில் நிற்பதால், நடுவில் பிடித்தால் பிழையின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

இந்த வரம்புகளை வைத்து ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்கலாம். Hₙ எத்தனையாவது உறுப்பில் 10-ஐத் தாண்டும்? ஒவ்வொன்றாகக் கூட்டாமல் சொல்ல வேண்டும். Hₙ = ln n + γ + ஒரு சின்ன மிச்சம், அந்த மிச்சம் 1/(2(n+1))-க்கும் 1/(2n)-க்கும் நடுவில். மிச்சத்தை மறந்துவிட்டால் ln n = 10 − γ, அதாவது n = e¹⁰⁻ᵞ = 12366.97. விடை 12366, 12367 என்ற இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. எது என்று தீர்மானிப்பதில்தான் மிச்சத்துக்கு வேலை.

முதலில் n = 12366. இது 12366.97-ஐ விட 0.97 குறைவு. ஆகவே ln n என்பது 10 − γ-வை விடச் சுமார் 0.0000783 குறைவு. மிச்சம் அதிகபட்சம் 1/24732 = 0.0000404. பள்ளத்தை நிரப்ப அது போதாது, எனவே Hₙ < 10. அடுத்து n = 12367. இது 12366.97-ஐ விடக் கொஞ்சம் அதிகம், ln n ஏற்கெனவே 10 − γ-வைத் தாண்டிவிட்டது. மிச்சமும் நேர் எண்தான், குறைந்தது 1/24736. எனவே Hₙ > 10. ஆக விடை 12367. γ-வுக்கு a₁₀₀₀-இலிருந்து கிடைத்த மதிப்பே இதற்குத் தாராளம், ஏனென்றால் அதில் இருக்கக்கூடிய பிழை 0.0000006-ஐத் தாண்டாது. நாம் அளக்கும் பள்ளமோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

10-க்குப் பதில் 20 என்று கேட்டால் இதே வழியில் 272400600 வருகிறது. ஆனால் அங்கே γ-வில் எட்டாவது ஒன்பதாவது இலக்கம் பிசகினாலே விடை ஒன்றிரண்டு தள்ளிப்போய்விடும். a₁₀₀₀ போதாது, 1/(12n²) திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.